செவியால் வாசிக்கப்படும் மடல்கள்



நான் செய்த ஒரு பிழையைத் தங்கள் முன் வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பிழை சிறியது. ஆனால், அதற்கு விலை கொடுத்தவர்கள் பார்வையற்ற ஒரு தந்தையும், அவருடைய ஒன்பது வயது மகளும் ஆவர்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பெய்த பெருமழை தங்களுக்கு நினைவிருக்கலாம். தாம்பரத்தை அடுத்த எங்கள் செம்பாக்கத்தில் ஏரியும் தெருவும் ஒன்றெனத் தோன்றும் நாட்கள் அவை. மறுநாள் ஞாயிறு, நவம்பர் 13. எங்கள் மதரஸாவின் அரையாண்டுத் தேர்வு அன்று காலை நடைபெறவிருந்தது. சனிக்கிழமை இரவு, தேர்வை ஒரு வாரம் தள்ளிவைப்பதென முடிவாயிற்று. பெற்றோர் அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பும் பொறுப்பு என்னுடையது.

என் உறவுக்காரப் பையன் ஒருவன் கைப்பேசியிலேயே அழகான சுவரொட்டி ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தான். பச்சைப் பின்னணி, மினாராவின் ஓவியம், நடுவே வளைவெழுத்துகளில் தேர்வு தள்ளிவைக்கப்பட்ட செய்தி. அந்தப் படத்தை மடலில் ஒட்டினேன். “முக்கிய அறிவிப்பு” என்று தலைப்பிட்டேன். “கீழ்க்காணும் அறிவிப்பைக் காண்க. பாடத்திட்டத்திற்கு இங்கே சொடுக்கவும். விடுப்புப் படிவத்திற்கு இங்கே சொடுக்கவும்” என்று கீழே எழுதி அனுப்பிவிட்டு, கடமை முடிந்த நிம்மதியுடன் உறங்கச் சென்றேன்.

மறுநாள் காலை, கட்டடத்தினுள் நீர் புகுந்துவிட்டதோ என்று பார்க்கச் சென்றபோது மணி ஒன்பதரை. பூட்டிய கதவின் முன்னே, ஒரே குடையின் கீழ், முழங்கால் வரை நனைந்த ஆடையுடன் அந்தத் தந்தையும் மகளும் நின்றிருந்தனர். சிறுமியின் கையில் தேர்வு அட்டை நெகிழிப் பையில் சுற்றப்பட்டு நனையாமல் இருந்தது.

அவர் வங்கி ஒன்றில் பணிபுரிபவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கணினியையும் கைப்பேசியையும் என்னைவிட விரைவாகக் கையாள்பவர். நான் பதறிப்போய், “பாய், நேற்று இரவே மெயில் அனுப்பினேனே!” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “வந்தது ஹஜ்ரத். மூன்று தடவை கேட்டேன். ‘முக்கிய அறிவிப்பு’ என்றது. ‘கீழ்க்காணும் அறிவிப்பைக் காண்க’ என்றது. அப்புறம் ‘கிராஃபிக், இமேஜ் டாட் பி.என்.ஜி.’ என்றது. ‘லிங்க், இங்கே’ என்றது. மறுபடியும் ‘லிங்க், இங்கே’ என்றது. அவ்வளவுதான். தேர்வு நாளாயிற்றே, பாடத்திட்டத்தைத்தான் நினைவூட்டி இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்” என்றார்.

“அத்தா, தேர்வு இல்லையா?” என்று மகள் கேட்டாள். அக்கேள்விக்கு விடை கூற வேண்டியவன் நான்தான்.

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகின்றவன், பார்வையற்ற ஒருவருக்கு வெறும் படத்தை அனுப்பி வைத்திருக்கிறேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அன்று மாலையே அவர் இல்லத்திற்குச் சென்று, என் மடல் அவரை எவ்வாறு சென்றடைகிறது என்பதைக் கேட்டறிந்தேன். அங்கே கற்றதைத்தான் தங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

குரல் எவ்வாறு வாசிக்கிறது?

அவருடைய கணினியில் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் இருக்கிறது. திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றிச் சொல்வது அதன் வேலை. அவர் பயன்படுத்துவதன் பெயர் NVDA. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-ஆம் ஆண்டில் இதனை எழுதத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டே என்பவரும் இணைந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். விலைக்கு விற்கப்பட்ட திரைவாசிப்பான்களை எளியவர்கள் வாங்க இயலாதிருந்த காலத்தில், எவரும் கட்டணமின்றிப் பெறும்படி இதனை அவர்கள் வெளியிட்டனர். தமிழையும் அது வாசிக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இதே பணியை டாக்பேக் என்பதும், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்பதும் செய்கின்றன.

நாம் ஒரு மடலைத் திறந்தவுடன் கண் முழுப்பக்கத்தையும் ஒரு நொடியில் மேய்ந்துவிடுகிறது. பெரிய எழுத்து எது, படம் எது, தேதி எங்கே என்பது படிக்கும் முன்பே நமக்குத் தெரிந்துவிடும். செவிக்கு அந்த வசதி கிடையாது. அது ஒரு நூலைப் போல, முதற்சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஒன்றன்பின் ஒன்றாகவே பெறுகிறது. ஆகவே மடல் அழகாக இருக்கிறதா என்பது அங்கே கேள்வியன்று. சொற்களை மட்டும் வரிசையாக உரக்கப் படித்தால் செய்தி போய்ச் சேருமா என்பதே கேள்வி.

படம் பேசாது

என் மடலின் முதற்பிழை, செய்தி முழுவதையும் படத்துக்குள் பூட்டியது. சுவரொட்டியில் நம் கண்ணுக்குத் தெரிபவை எழுத்துகள். கணினிக்கோ அவை வெறும் வண்ணப் புள்ளிகள். திரைவாசிப்பான் அவற்றை எழுத்தாக அறியாது. படத்துடன் மாற்று உரை என்ற சிறு விளக்கம் இணைக்கப்பட்டிருந்தால் அதனை வாசிக்கும். இல்லையெனில் “கிராஃபிக்” என்று சொல்லிவிட்டு நகரும், அல்லது கோப்பின் பெயரை உச்சரிக்கும். அவர் கேட்ட “இமேஜ் டாட் பி.என்.ஜி.” அவ்வாறு வந்ததே.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. NVDA-விலும் அத்தகைய வசதி உண்டு. “அதை நம்பி என் மகளை மழையில் கூட்டிக்கொண்டு போக முடியுமா ஹஜ்ரத்?” என்று அவர் கேட்டார். வளைவெழுத்துகளும் பின்னணி ஓவியமும் கலந்த சுவரொட்டியில் அக்கருவி தடுமாறும். ஒரு சொல் சிதைந்தால் சிதைந்தது தெரிந்துவிடும். 20 என்பதை 26 என்று அது படித்துவிட்டால், பிழை நேர்ந்ததே அவருக்குத் தெரியாது. ஏனெனில் 26-உம் ஒரு தேதிதானே!

இதற்குத் தீர்வு படத்தை ஒழிப்பதன்று. சுவரொட்டியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் மடலின் உடலில் சாதாரண எழுத்தாகத் தட்டச்சு செய்துவிட வேண்டும். அதன்பின் படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தி குறையாது. படத்தை வைப்பதென்றால் அதன் மாற்று உரையைச் சுருக்கமாக எழுதலாம். அவுட்லுக் செயலியில் படத்தின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்தால் `Edit Alt Text` என்றோ `View Alt Text` என்றோ ஒரு வரி தோன்றும். அங்கே “தேர்வு தள்ளிவைப்புச் சுவரொட்டி. விவரம் முழுவதும் இம்மடலில் எழுத்தாக உள்ளது” என்று எழுதினால் போதும். ஒரே செய்தியை மாற்று உரையில் ஒரு முறையும் மடலில் ஒரு முறையும் முழுதாகச் சொன்னால், கேட்பவர் இருமுறை கேட்க நேரிடும்.

வண்ணத்திற்கும் இதே விதி பொருந்தும். “சிவப்பு நிறத்தில் உள்ள மாணவர்கள் படிவம் தரவில்லை” என்று நான் முன்பு ஒரு பட்டியல் அனுப்பியதுண்டு. அவருக்கு அது எல்லா மாணவர்களின் பெயர்களும் அடங்கிய பட்டியலாக மட்டுமே கேட்டிருக்கிறது. சிவப்பு நிறம் இருக்கட்டும். அதனருகே “படிவம் தரவில்லை” என்ற சொல்லும் இருக்க வேண்டும்.

“இங்கே” என்பது எங்கே?

அடுத்து அவர் எனக்குக் காட்டியது எதிர்பாராத ஒன்று. மடலைத் திறந்து, Insert பொத்தானையும் F7 பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். மடலில் இருந்த இணைப்புகள் மட்டும் தனியே ஒரு பட்டியலாக வந்தன. நீண்ட மடலில் தேவையான இணைப்பை நாம் கண்ணால் தேடிப் பிடிக்கிறோம் அல்லவா? பார்வையற்றோர் அதையே இப்பட்டியலின் வழியாகவோ, K என்ற எழுத்தை அழுத்தி ஒவ்வோர் இணைப்பாகத் தாவியோ செய்கின்றனர். அப்போது இணைப்பைச் சூழ்ந்துள்ள வாக்கியம் அவர்களுக்குக் கேட்பதில்லை. இணைப்பாக அமைந்த சொற்கள் மட்டுமே கேட்கும்.

என் மடலுக்கு வந்த பட்டியல் இதுதான்: “இங்கே”, “இங்கே”. முந்தைய மாத மடலில் இணைப்புகள் ஐந்து. ஐந்தும் “இங்கே”! ஐந்து கதவுகளிலும் “கதவு” என்று எழுதி வைத்த வீட்டைப் போல இருந்தது.

முகவரியை அப்படியே ஒட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். அதையும் கேட்கச் செய்தார். “எச், டி, டி, பி, எஸ், கோலன், ஸ்லாஷ், ஸ்லாஷ்” என்று தொடங்கி, பொருளற்ற எழுத்துகளும் எண்களுமாக அக்குரல் ஓதிக்கொண்டே போயிற்று. இடையில் நிறுத்தச் சொன்னது நான்தான்.

ஆகவே இணைப்பின் சொற்களே அது திறக்கும் பொருளின் பெயராக இருக்க வேண்டும். “பாடத்திட்டத்திற்கு இங்கே சொடுக்கவும்” என்பதை விடுத்து, “அரையாண்டுத் தேர்வுப் பாடத்திட்டம் (பி.டி.எஃப்., 2 பக்கங்கள்)” என்று எழுதி, அச்சொற்கள் முழுவதையும் இணைப்பாக்க வேண்டும். கோப்பின் வகையையும் அளவையும் சேர்ப்பதால், அழுத்துவதற்கு முன்பே என்ன திறக்கும் என்று அவர் அறிந்துகொள்கிறார். கணினியில் இதனைச் செய்வது எளிது. சொற்களைத் தேர்ந்தெடுத்து, Ctrl பொத்தானுடன் K-யை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் முகவரியை ஒட்டினால் முடிந்தது. சொற்களில் இணைப்பைப் பொதிக்கும் வசதி இல்லாத இடத்தில், பொருளின் பெயரை ஒரு வரியில் எழுதி, முகவரியை அடுத்த வரியில் தனியே இடுங்கள். பெயரைக் கேட்டவுடன் முகவரி வரியைத் தாண்டிச் செல்லவேனும் அவருக்கு வழி கிடைக்கும்.

வலைப்பக்கங்களுக்கான உலகளாவிய அணுகல் நெறிமுறையும் இதனை அடிப்படை விதிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அவ்விதி, சூழ்ந்துள்ள வாக்கியத்திலிருந்து இணைப்பின் பொருள் விளங்கினாலும் ஏற்றுக்கொள்கிறது. எனினும் அந்தப் பட்டியலைக் காதால் கேட்டபின், நான் அச்சலுகையைப் பயன்படுத்துவதில்லை.

எளிய கட்டமைப்பு

மூன்றாவது பாடம் மடலின் அமைப்பைப் பற்றியது. வகுப்பு நேரங்களை நான் இரண்டு பத்திகளாக, இடையே வெற்றிடம் விட்டு விட்டு எழுதுவது வழக்கம். இடப்பக்கம் சிறுவர், வலப்பக்கம் சிறுமியர். கண் மேலிருந்து கீழாக ஒரு பத்தியைப் படித்து, பின் மற்றதைப் படிக்கும். குரலோ குறுக்கே வாசிக்கும். “சிறுவர் சிறுமியர் காலை மாலை 7 மணி 5 மணி” என்று அது ஒலித்தபோது, எழுதிய எனக்கே எது எவருக்கு என்று தெரியவில்லை. “சிறுவர் வகுப்பு: காலை 7 மணி. சிறுமியர் வகுப்பு: மாலை 5 மணி” என்று வரிக்கு ஒன்றாக எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

பட்டியல்களை நான் உடுக்குறியிட்டும் சிறு கோடிட்டும் கையால் எழுதி வந்தேன். மின்னஞ்சல் எழுதும் பெட்டியிலேயே எண் பட்டியலுக்கென ஒரு பொத்தான் உண்டு. அதனைப் பயன்படுத்தினால், “மூன்று உருப்படிகள் கொண்ட பட்டியல்” என்ற பொருளில் திரைவாசிப்பான் முன்னதாகவே அறிவிக்கும். எத்தனை செய்தி வரவிருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியும். வேண்டுமாயின் பட்டியலையே தாண்டிச் செல்லவும் இயலும். கையால் இட்ட உடுக்குறிகளை அது குறிகளாக மட்டுமே அறியும்.

அலங்காரமும் இவ்வாறே. வாழ்த்துச் செய்திகளில் வரிசையாகப் பத்து ரோஜாப் படங்களை வைப்பவர்கள் நம்மில் பலர். குரல் அவற்றை மணம் வீசும் மாலையாகக் கருதுவதில்லை. “ரோஸ், ரோஸ், ரோஸ்” என்று சொல்லத் தொடங்கிவிடும். ஒன்று போதும், அதுவும் வாக்கியத்தின் முடிவில்.

யாவற்றிலும் முக்கியமானது மடலின் தலைப்பு. அஞ்சல் பெட்டியில் குரல் முதலில் சொல்வது அனுப்புநர் பெயரையும் தலைப்பையும்தான். “முக்கிய அறிவிப்பு” என்ற தலைப்பு எதையும் அறிவிக்கவில்லை. முதன்மைச் செய்தியைத் தலைப்பிலேயே வைத்துவிட வேண்டும்.

தமிழில் நேரும் இரண்டு இடர்கள்

அவர் கூறிய மேலும் இரண்டு குறைகள் நம் மொழியில் நேர்பவை. அவற்றை ஆங்கில நூல்களில் காண்பது அரிது.

முதலாவது, பழைய எழுத்துருக்கள். யூனிகோடு பரவுவதற்கு முன், பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே நம் அச்சகங்கள் தமிழைத் தட்டச்சு செய்தன. இன்றும் சில இடங்களில் அப்பழக்கம் தொடர்கிறது. அவ்வெழுத்துருவில் திரையில் தமிழ் தோன்றினாலும், கணினியின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எடுத்துக்காட்டாக, பாமினியில் “தமிழ்” என்ற சொல் உள்ளே இவ்வாறு இருக்கும்:

```
jkpo;
```

திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். அச்சகத்திலிருந்து வந்த எங்கள் பாடத்திட்டக் கோப்பை நான் அப்படியே அனுப்பியிருந்தேன். அவருக்கு அது இரண்டு பக்க உளறலாகக் கேட்டிருக்கிறது. தமிழக அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பது நலம்.

இரண்டாவது, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது. “Naalai vaguppu illai” என்று அவசரத்தில் அனுப்புகிறோம். கண்ணால் படிப்பவர் மனத்துக்குள் தமிழாக்கிக்கொள்வார். குரலோ அதனை ஆங்கிலச் சொற்களாகவே எண்ணி உச்சரிக்கும். அவ்வுச்சரிப்பிலிருந்து “இல்லை” என்ற சொல்லைப் பிடிப்பதற்குள் வகுப்பே முடிந்துவிடும் என்று அவர் சிரித்தார்.

மடலைத் திருத்தி எழுதினோம்

அன்று மாலை அவர் பக்கத்திலேயே அமர்ந்து அந்த மடலை மீண்டும் எழுதினேன். அது பின்வருமாறு அமைந்தது.

> பொருள்: மழையால் தேர்வு தள்ளிவைப்பு. புதிய நாள் நவம்பர் 20 ஞாயிறு, காலை 9 மணி
>
> அன்புள்ள பெற்றோர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.
>
> கனமழையின் காரணமாக, நவம்பர் 13 ஞாயிறன்று நடைபெறவிருந்த அரையாண்டுத் தேர்வு தள்ளிவைக்கப்படுகிறது. புதிய நாள் நவம்பர் 20, ஞாயிறு. நேரம் காலை 9 மணி. இடம் மதரஸா கட்டடம்.
>
> பிள்ளைகள் கொண்டுவர வேண்டியவை:
>
> 1. தேர்வு அட்டை
> 2. பேனாக்கள் இரண்டு
> 3. குடிநீர்
>
> அரையாண்டுத் தேர்வுப் பாடத்திட்டம் (பி.டி.எஃப்., 2 பக்கங்கள்)
>
> விடுப்பு விண்ணப்பப் படிவம் (பி.டி.எஃப்., 1 பக்கம்)

இறுதி இரண்டு வரிகளும் முழுமையாக இணைப்புகளாக அமைந்தன. சுவரொட்டியை விட்டுவிட்டோம். அவர் Insert-உம் F7-உம் அழுத்தியபோது, “அரையாண்டுத் தேர்வுப் பாடத்திட்டம்”, “விடுப்பு விண்ணப்பப் படிவம்” என்று இரு பெயர்கள் தெளிவாக ஒலித்தன. “நாளை” என்ற சொல்லை நான் முதலில் எழுதியிருந்தேன். அவர்தான் நீக்கச் சொன்னார். மடலை மறுநாள் காலையில் கேட்பவருக்கு “நாளை” என்பது வேறொரு நாளாகிவிடுமாம். இக்குறிப்பு பார்வையுள்ளோருக்கும் பயன்படுவதே.

அனுப்பும் முன் சோதிப்பது எப்படி?

இவற்றைச் சரிபார்க்கத் தனித் திறமை தேவையில்லை. நான் கடைப்பிடிக்கும் மூன்று சோதனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, விரலால் அல்லது எலியால் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது. சொல் சொல்லாகத் தேர்வாகிறது என்றால் அது எழுத்து. தேர்வாகவில்லை, அல்லது பக்கம் முழுவதும் ஒரே பெட்டியாகத் தேர்வாகிறது என்றால் அது படம். கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த கடிதம், பி.டி.எஃப். என்ற பெயரில் வந்தாலும் பெரும்பாலும் படமே. தேர்வான சொற்களை நகலெடுத்து ஒரு வெற்று மடலில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாக மாறினால், அது பழைய எழுத்துரு என்று அறியலாம்.

இரண்டாவது, ஜிமெயிலில் மடல் எழுதும் பெட்டியின் மூன்று புள்ளிப் பட்டியலில் உள்ள `Plain text mode` என்ற வசதி. அதனை அழுத்தினால் படமும் வண்ணமும் அலங்காரமும் உதிர்ந்து, சொற்கள் மட்டும் எஞ்சும். இணைப்புகளும் உதிர்ந்துவிடும் என்பதால், மடலின் நகல் ஒன்றில் இதைச் செய்து பாருங்கள். எஞ்சிய சொற்களிலிருந்து செய்தி விளங்குகிறதென்றால் மடல் பெரும்பாலும் சரி.

மூன்றாவது, உண்மையாகவே கேட்டுப் பார்ப்பது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் டாக்பேக் இருக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. அதனை இயக்கியவுடன் தொடுகை முறையே மாறிவிடும். ஒருமுறை தொட்டால் அது வாசிக்கும். இருமுறை தட்டினால்தான் திறக்கும். இரண்டு விரல்களால் இழுத்தால்தான் திரை நகரும். இதை அறியாமல் இயக்கிவிட்டு, கைப்பேசி கெட்டுவிட்டது என்று நான் அரை மணி நேரம் திண்டாடினேன். அதனை நிறுத்துவதற்கும் அதே இருமுறைத் தட்டலைப் பயன்படுத்தலாம்.

இச்சோதனைகளுக்கும் எல்லை உண்டு. இணைப்பின் சொற்கள் தெளிவாக இருந்தாலும், அது திறக்கும் கோப்பு ஸ்கேன் செய்த படமாயின் அவர் வாசலோடு நின்றுவிட நேரும். எங்கள் பாடத்திட்டத்திற்கு நேர்ந்தது அதை ஒத்ததே. மடலைத் திருத்தியபின்பும், அக்கோப்பை யூனிகோடுக்கு மாற்ற எனக்கு மேலும் இரண்டு நாட்கள் பிடித்தன. அவ்விரண்டு நாட்களும் அவருடைய மகளுக்கு நான் தொலைபேசியில் பாடத்திட்டத்தை வாசித்துக் காட்டினேன்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அவர்களுக்கு எட்டும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கூறுகிறது. ஜமாஅத் அலுவலகமும் மதரஸாவும் குடும்பத் தலைவரும் அனுப்பும் மடல்களைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. நிக்காஹ் அழைப்பிதழைப் படமாக அனுப்புகிறோம். ஜனாஸா அறிவிப்பைப் படமாக அனுப்புகிறோம். பெறுபவர்களுள் பார்வையற்ற ஒருவர் இருந்தால், அடக்கம் எத்தனை மணிக்கு என்பதை அவர் எவரிடமாவது கேட்டுத்தான் அறிய வேண்டும். அந்த ஒரு வரியைப் படத்தின் கீழே தட்டச்சு செய்ய அரை நிமிடம் ஆகும்.

அடுத்த ஆண்டு டிசம்பரிலும் மழை எங்களை விடவில்லை. மீண்டும் விடுமுறை அறிவிக்க நேர்ந்தது. “மழை: டிசம்பர் 4 திங்கள், 5 செவ்வாய் வகுப்புகள் இல்லை” என்று தலைப்பிட்டு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது: “ஜஸாக்கல்லாஹ் ஹஜ்ரத். தலைப்பிலேயே தெரிந்துவிட்டது. மெயிலைத் திறக்கவே இல்லை.”

நான் எழுதிய மடல்களுள், திறக்கப்படாமலேயே தன் வேலையை முடித்தது அது ஒன்றுதான்.

வஸ்ஸலாம்.